மற்ற, மத்த

ஜூன் 3

ராயக்கோட்டை ரோட்டில் ஒரு வீடு பார்த்தோம், வாடகை 6,000. ஓனர் அம்மா வாசலிலேயே சிரித்து "உள்ள வாங்க" என்றார். என் சுடிதார், அம்மாவின் நூல் சேலை, பொட்டு, நிறம் எல்லாமே கிருஷ்ணகிரிப் பெண்கள் மாதிரிதான், பார்த்து யாரும் பிரிக்க முடியாது. பேச்செல்லாம் நான்தான். கிளம்புகிற நேரத்தில் அம்மா மறந்துபோய் "மற்ற அறை எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டார்.

"நீங்க கேரளாவா?"

"இல்லைங்க, சிலோன். முகாம்ல இருக்கோம்."

அந்தச் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. சாயந்தரம் போன் செய்தால் வேறு ஆளுக்குக் கொடுத்தாச்சாம்.

ஜூன் 5

அம்மா மன்னாரிலிருந்து படகேறி வந்தது 1990-ல். அடுத்த வருஷம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு, பஸ்ஸில் "ஓம்" என்று சொன்னாலே திரும்பிப் பார்ப்பார்களாம். அதனால் ஓம் போய் ஆமாம் வந்தது, சவர்க்காரம் சோப்பு ஆனது, சாரம் லுங்கி ஆனது, கதைப்பதைப் பேசுவதாக மாற்றிக்கொண்டார். சொல்லை மாற்றலாம், பழகினால் வந்துவிடும். ஒலிதான் போகமாட்டேன் என்கிறது. இங்கே நாம் "மத்த" என்கிறோம், நாக்கு பல்லைத் தொடும். அம்மாவுக்கு நாக்கு நுனி பல்லுக்குச் சற்று மேலே ஈறில் தட்டும், கிட்டத்தட்ட ஆங்கில 't' மாதிரி. "நேற்று" என்றாலும் அப்படித்தான். ற்ற என்று எழுதுகிறோமே, அதை எழுதியபடி ஒலிப்பது அவர்தான், வெளியூர் ஆள் என்று பெயர் வாங்குவதும் அவர்தான். எனக்கு இது ஆறவே இல்லை.

ஜூன் 8

தம்பி எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறான். அமெரிக்காவில் டொனால்ட் ரூபின் 1992-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைச் சொன்னான். அந்நாட்டுப் பெண் ஒருவர் பேசிய ஒரே ஒலிப்பதிவை மாணவர்களுக்குப் போட்டிருக்கிறார்கள், சிலருக்கு வெள்ளைக்காரப் பெண்ணின் படம், சிலருக்கு ஆசியப் பெண்ணின் படம். ஆசிய முகத்தைப் பார்த்தவர்களுக்கு இல்லாத வெளிநாட்டு உச்சரிப்பு காதில் விழுந்திருக்கிறது, பாடமும் குறைவாகத்தான் புரிந்திருக்கிறது. அங்கே முகம் காதைக் கெடுக்கிறது. எங்களுக்கு முகமும் உடுப்பும் வாசல் வரை கூட்டிப்போகின்றன, வாயைத் திறந்ததும் அதே முகம் அவர்களுக்கு வேறாகிவிடுகிறது.

ஜூன் 9

ஷேர் ஆட்டோவில் என் பையன், நாலாம் வகுப்பு, "அம்மம்மா, கதைக்காதீங்க, பேசுங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அவன்மேல் எப்படிக் கோபப்படுவது, என்னைப் பார்த்துத்தானே கற்றுக்கொண்டான். ராத்திரி அவனை உட்காரவைத்து ராயக்கோட்டை ரோட்டு வீட்டுக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அம்மாவிடம் போய் அந்த "மற்ற"வைச் சொல்லிக் காட்டச் சொன்னான். அவனுக்கு மத்த, மட்ட என்றுதான் வருகிறது. "நாக்க இன்னும் மேல வை ராசா" என்கிறார் அம்மா.

நாளைக்குப் பழையபேட்டையில் ஒரு வீடு பார்க்க வேண்டும். முதலில் அம்மாவையே பேசச் சொல்லியிருக்கிறேன்.