அடுத்த நகர்வு யார் கையில்?

ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி எங்கள் மென்பொருள் வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சலில் ஓர் அறிக்கையை அனுப்பும். ஒரு மாதம், ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தின் ஒரு கிளையில் மூன்று பேருக்கு மட்டும் அது போய்ச் சேரவில்லை. 2ஆம் தேதி அந்தப் புகார் எங்கள் ஆதரவு அமைப்பில் ஒரு டிக்கெட்டாகப் பதிவானது. நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்திலிருந்து கடிதம் புறப்பட்டிருந்தது. அதற்கப்பால் என்ன ஆனது என்று அறிய அவர்களுடைய அஞ்சல் சர்வரின் பதிவுக் கோப்பு வேண்டும். 4ஆம் தேதி அதைக் கேட்டு எழுதினேன். டிக்கெட்டுகளை நிலைவாரியாகக் காட்டும் பலகையில் அதை ‘ஆன் ஹோல்ட்’ பகுதிக்கு நகர்த்தினேன்.

27ஆம் தேதி அந்தக் கிளையின் மேலாளர் தொலைபேசியில் அழைத்தார். “அடுத்த அறிக்கைக்கு நான்கைந்து நாள்தான் இருக்கிறது. நீங்கள் கேட்ட கோப்பை 6ஆம் தேதியே அனுப்பிவிட்டோமே?” என்றார். அனுப்பியிருந்தார்கள். டிக்கெட்டில் பதில் எழுதாமல், பழைய அஞ்சல் ஒன்றுக்குப் பதிலாக, அப்போது விடுப்பில் இருந்த என் சக ஊழியருக்கு. 21 நாட்களாக நாங்கள் அவர்களுக்காகக் காத்திருப்பதாக எண்ணிக்கொண்டிருந்தோம். அவர்களோ எங்களுக்காகக் காத்திருந்தார்கள்.

அந்த மூன்று வாரங்களும் எங்கள் வாராந்தர அறிக்கையில் கெடு தாண்டிய டிக்கெட் ஒன்றுகூட இல்லை என்பதுதான் என்னை அதிகம் உறுத்தியது. பல ஆதரவுக் குழுக்களில் இருப்பதுபோல, எங்கள் அமைப்பிலும் ‘ஆன் ஹோல்ட்’ என்று மாற்றியதும் காலக்கெடுவை எண்ணும் கடிகாரம் நின்றுவிடும். வாடிக்கையாளரின் தாமதத்தை எங்கள் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது, நியாயமானதும்கூட. ஆனால் கடிகாரத்தை நிறுத்தும் உரிமையை ஒரு சொல்லுக்குக் கொடுத்துவிட்டு, அந்தச் சொல்லின் பொருளை மட்டும் அவரவர் விருப்பத்துக்கு விட்டிருந்தோம்.

அன்று மாலை ‘ஆன் ஹோல்ட்’ பகுதியில் கிடந்த 14 டிக்கெட்டுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். உண்மையிலேயே வெளியார் ஒருவருக்காகக் காத்திருந்தவை ஐந்து. மூன்றுக்குப் பதில் வந்துவிட்டிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. மீதி ஆறும் எங்களுக்கு நேரமில்லாததால் அங்கே ஒதுக்கப்பட்டவை. நேரமின்மை காத்திருப்பு ஆகாது. எடுத்துச் செய்ய ஆள் இல்லாத வேலைக்கு ‘ஓபன்’ என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தவிர்க்கத் தோன்றுவது ஏன் என்று எனக்குத் தெரியும்: ‘ஓபன்’ பட்டியல் நீண்டால் குழு பின்தங்கியதுபோல் தெரியும். பின்தங்கியிருந்தால் அப்படித் தெரிவதே சரி.

அன்றிலிருந்து நிலைப்பெயர் எதைப் பார்த்தாலும் நான் ஒரே கேள்வியைக் கேட்கிறேன்: அடுத்த நகர்வு யார் கையில்? ‘ஓபன்’ என்றால் குழுவின் கையில்; இன்னும் யாரும் எடுக்கவில்லை. ‘இன் புரோகிரஸ்’ என்றால் பெயர் குறிக்கப்பட்ட ஒருவர் கையில். ‘ஆன் ஹோல்ட்’ என்றால் குழுவுக்கு வெளியே உள்ள, பெயர் சொல்லக்கூடிய ஒருவர் கையில். ‘ரிசால்வ்ட்’ என்றால் புகார் சொன்னவர் கையில். அவர் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

‘ஆன் ஹோல்ட்’ பகுதிக்கு நகர்த்துவதற்கு முன் மூன்று விவரங்களை எழுத வேண்டும் என்று குழுவில் முடிவு செய்தோம்: யாருக்காகக் காத்திருக்கிறோம், எதற்காக, மறுபடி என்றைக்குப் பார்ப்போம். மூன்றாவதுதான் உயிர்நாடி. என் டிக்கெட்டில் ‘8ஆம் தேதி பார்க்க வேண்டும்’ என்று ஒரு வரி இருந்திருந்தால், அன்றே நான் அந்த மேலாளரை அழைத்திருப்பேன். கோப்பு இரண்டு நாட்களுக்கு முன்பே வந்துவிட்டது தெரிந்திருக்கும். டிக்கெட்டுகளை நிர்வகிக்க நாங்கள் பயன்படுத்தும் ஜிரா மென்பொருளில் கெடுத்தேதிக்கான கட்டத்திலேயே இந்தத் தேதியை எழுதுகிறோம். தேதியில்லாமல் நிறுத்தப்பட்டவற்றையும் பார்க்கும் நாள் வந்துவிட்டவற்றையும் தினமும் காலையில் இந்தத் தேடல் காட்டிவிடும்:

```
status = "On Hold" AND (duedate is EMPTY OR duedate <= now())
```

குழுவுக்குள்ளேயே இன்னொருவருக்காகக் காத்திருந்தால்? அதற்குக் கடிகாரம் நிற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வெளியில் இருப்பவருக்கு நாம் எல்லோரும் ஒரே ஆள்தான். அந்தச் சக ஊழியரிடம் டிக்கெட்டை ஒப்படைத்துப் பெயரை மாற்ற வேண்டும், அல்லது நம் பெயரிலேயே ‘இன் புரோகிரஸ்’ பகுதியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

‘இன் புரோகிரஸ்’ பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அப்போது என் பெயரில் ஏழு இருந்தன. கை வைத்துக்கொண்டிருந்தவை இரண்டு. நேற்றும் தொடவில்லை, இன்றும் தொடப்போவதில்லை என்றால் பெயரை எடுத்துவிட்டு ‘ஓபன்’ பகுதிக்குத் திருப்ப வேண்டும். இதற்குத்தான் குழுவில் எதிர்ப்பு அதிகம் வந்தது. எடுத்த வேலையைத் திருப்பி வைப்பது தோற்றதுபோல் இருக்கிறது என்றார் ஒருவர். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் என் பெயர் ஒட்டியிருக்கும்வரை வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள். நான் திருப்பி வைத்த ஐந்தில் இரண்டை அந்த வாரமே மற்றவர்கள் முடித்தார்கள்.

இனி அந்த மூன்று பேரின் அஞ்சலுக்கு வருகிறேன். பதிவுக் கோப்பைத் திறந்ததும் காரணம் தெரிந்துவிட்டது. முந்தைய மாத இறுதியில் நாங்கள் புதிய அஞ்சல் சர்வருக்கு மாறியிருந்தோம். எங்கள் டொமைனின் பெயரில் எந்த ஐபி முகவரிகள் அஞ்சல் அனுப்பலாம் என்று, இணையப் பெயர்களின் பொதுப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் அறிவிக்கும் எஸ்பிஎஃப் பதிவில் புதிய முகவரியைச் சேர்க்க மறந்துவிட்டோம். பெரும்பாலான சர்வர்கள் அதைப் பொறுத்துக்கொண்டன. அந்தக் கிளையின் சர்வர் மட்டும் கறாராக மறுத்துவிட்டது. முகவரியைச் சேர்க்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சேர்த்த கையோடு ‘ரிசால்வ்ட்’ என்று மாற்றினேன். அமைப்பு தானாக வாடிக்கையாளருக்கு ‘உங்கள் பிரச்சினை தீர்ந்தது’ என்று அஞ்சல் அனுப்பியது. ஒரு மணி நேரத்தில் அவர்கள் அறிக்கையை மறுபடி அனுப்பச் சொல்லிப் பார்த்தார்கள். மறுபடி மறுக்கப்பட்டது.

அந்த டிஎன்எஸ் பதிவின் ஆயுள் 86400 நொடி, அதாவது 24 மணி நேரம். பழைய பதிவை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த சர்வர், அந்த நேரம் முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருக்கலாம். என் பக்கத்தில் வேலை முடிந்திருந்தது. அவர்கள் பக்கத்தில் எதுவும் மாறவில்லை. 25 நாள் காத்திருந்தவரிடம் தீர்ந்தது என்று சொல்லி, அது தீராததை அவர் கையாலேயே கண்டுபிடிக்க வைத்தது என் தவறு. புகார் சொன்னவர் தன் இடத்திலிருந்து சோதித்துப் பார்க்க முடிகிற நொடியில்தான் அந்தச் சொல் உண்மையாகிறது. மென்பொருள் திருத்தங்களுக்கும் இதுவே பொருந்தும்: நிரலை மாற்றியாயிற்று, ஆனால் அவர் பயன்படுத்தும் பதிப்பில் அது இன்னும் சேரவில்லை என்றால், டிக்கெட் ‘இன் புரோகிரஸ்’ பகுதியில்தான் இருக்க வேண்டும்.

பக்சில்லா என்ற பழைய பிழைப்பதிவு மென்பொருளில் ரிசால்வ்ட் நிலைக்குப் பிறகு ‘வெரிஃபைட்’ என்று தனியாக ஒரு நிலை உண்டு. செய்தவரின் சொல்லும் சோதித்தவரின் சொல்லும் வேறுவேறு என்பதை அதை வடிவமைத்தவர்கள் உணர்ந்திருந்தார்கள். எங்கள் பலகையில் அந்த இடத்தை ‘குளோஸ்ட்’ நிரப்புகிறது. புகார் சொன்னவர் சரி என்றால் மூடுகிறோம். ஐந்து வேலை நாட்கள் பதிலில்லை என்றாலும் மூடுகிறோம்.

மறுநாள் அதே டிக்கெட்டைத் திறந்து, 24 மணி நேரம் கடந்த பிறகு மூவருக்கும் அறிக்கையை நானே மறுபடி அனுப்பினேன். அவர்களுடைய சர்வர் ஏற்றுக்கொண்டது எங்கள் பதிவில் தெரிந்தது. அதன் பிறகுதான் நிலையை மாற்றினேன். மேலாளர் நன்றி சொல்லி, மூடிவிடலாம் என்றார். ஆனால் அவர் புகார் நான் கையால் அனுப்பும் அஞ்சலைப் பற்றியது அல்ல. மாதம் பிறந்ததும் தானாக வர வேண்டிய அறிக்கையைப் பற்றியது. 1ஆம் தேதிவரை ‘ரிசால்வ்ட்’ பகுதியிலேயே இருக்கட்டும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். அன்று காலை 9 மணிக்கு “மூன்று பேருக்கும் வந்துவிட்டது” என்று அவர் டிக்கெட்டிலேயே எழுதினார். அப்போது மூடினேன்.