எட்டு வாரங்களைக் கடந்த இருமல்

பெரியவர்களுக்கு வரும் இருமல் எட்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அதை நாட்பட்ட இருமல் என்கிறோம். ஆனால் காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில் அதுவரை காத்திருப்பதில்லை. இரண்டு வாரம் இருமினாலே சளிப் பரிசோதனைக்கு அனுப்பிவிட வேண்டும். பலர் குப்பியில் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிடுவதால், காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்து, ஆழ்ந்து மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளிதான் வேண்டும் என்று நானே செய்து காட்டுவது வழக்கம்.

பொது மருத்துவப் புறநோயாளிப் பிரிவில் நான் பார்த்த ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மாவுக்கு நான்கு மாதங்களாக வறட்டு இருமல். காய்ச்சலோ எடை இழப்போ இல்லை, புகைப்பழக்கமும் இல்லை. இருமல் மருந்துகளையும் இரண்டு சுற்று ஆன்டிபயாடிக்கையும் ஏற்கெனவே முடித்திருந்த அவர், உட்கார்ந்ததுமே, "டாக்டரம்மா, ஒரு சிடி ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாமா?" என்று கேட்டார். நான் கேட்டது அவர் சாப்பிடும் மாத்திரைகளை. கைப்பையில் இருந்த பிளாஸ்டிக் கவரிலிருந்து எனலாப்ரில் அட்டை ஒன்று வந்தது. இரத்த அழுத்தத்துக்காக ஆறு மாதங்களாகச் சாப்பிட்டு வருகிறார். எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரைகள் சிலருக்கு இருமலை உண்டாக்கும். அது மாத்திரையைத் தொடங்கிய சில நாட்களிலும் வரலாம், பல மாதங்கள் கழித்தும் வரலாம் என்பதால் நோயாளிக்கு இரண்டுக்கும் உள்ள தொடர்பு தோன்றுவதே இல்லை.

சளி வராததால் மார்பு எக்ஸ்ரே எடுத்தோம்; அதில் குறையில்லை. நாட்பட்ட இருமலுக்கு எக்ஸ்ரே எல்லோருக்கும் தேவை, அதைத் தவிர்ப்பதை நான் ஏற்பதில்லை. எனலாப்ரிலை நிறுத்தி, டெல்மிசார்டனுக்கு மாற்றி, ஒரு மாதம் கழித்து வரச்சொன்னேன். மாத்திரையால் வந்த இருமல் பெரும்பாலும் நான்கு வாரங்களுக்குள் அடங்கும். சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகலாம்.

ஒரு மாதத்தில் பகல் இருமல் வெகுவாகக் குறைந்திருந்தது. விடியற்காலையிலும் தாளிக்கும் நெடியிலும் வரும் இருமல் மட்டும் போகவில்லை. ஒரே ஆளுக்கு இரண்டு காரணங்கள் இருப்பது அபூர்வமல்ல. மூச்சிரைப்போ வீசிங்கோ இல்லாமல் இருமலை மட்டும் காட்டும் ஆஸ்துமா உண்டு. அதில் நுரையீரல் செயல்திறன் பரிசோதனைகூட இயல்பாக இருக்கலாம். இவருக்கும் இயல்பாகவே இருந்தது. ஆகவே புடசோனைடு இன்ஹேலரைக் காலையும் இரவும் எடுத்து, பிறகு வாய் கொப்பளிக்கச் சொன்னேன். "அது பழக்கமாயிடும்னு சொல்றாங்களே?" என்ற தயக்கத்தைத் தீர்க்கவே கூடுதல் நேரம் பிடித்தது. ஆறு வாரத்தில் இருமல் நின்றது. மூக்கொழுகலோ தொண்டையில் சளி இறங்கும் உணர்வோ இருந்திருந்தால் முதலில் மூக்குக்கு மருந்து கொடுத்திருப்பேன். நெஞ்செரிச்சலோ புளித்த ஏப்பமோ இல்லாதவருக்கு, இருமலுக்காக மட்டும் அமிலம் குறைக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாகச் செய்து, போதிய வாரங்கள் விட்டால்தான் எது பலித்தது என்று தெரியும்.

அவருக்கு சிடி எடுக்கவில்லை. மார்பு சிடியின் கதிர்வீச்சு ஓர் எக்ஸ்ரேயைப் போலப் பல பத்து மடங்கு. அதோடு, இருமலுக்குத் தொடர்பில்லாத சிறு முடிச்சு ஒன்று தென்பட்டுவிட்டால் அதைக் கண்காணிக்கவே மறுபடி மறுபடி ஸ்கேன் எடுக்க நேரிடும்.

ஆனால் இயல்பான எக்ஸ்ரே எல்லோருக்கும் நிம்மதி தருவதல்ல. இதயத்துக்குப் பின்புறம், காறையெலும்பு மறைக்கும் நுரையீரல் உச்சி, உதரவிதானத்துக்குக் கீழே இறங்கும் பகுதி ஆகியவற்றில் உள்ள கட்டி அதில் தப்பிவிடக்கூடும். நெடுநாள் பீடி பிடித்த ஒருவர், வழக்கமான இருமலின் தன்மை மாறிவிட்டது, இரண்டு முறை சளியில் இரத்தக் கீற்று பார்த்தேன் என்று சொன்னபோது, அவருடைய எக்ஸ்ரே தெளிவாக இருந்தும் காத்திராமல் சிடிக்கு அனுப்பினேன். இதயத்தின் பின்னே ஒரு கட்டி தெரிந்தது. இரத்தம், எடை இழப்பு, குரல் மாற்றம், நகக்கண் உருண்டு புடைத்தல், நடுவயதைக் கடந்த புகைப்பழக்கக்காரரின் புதிய இருமல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருந்து கொடுத்துச் சோதித்துப் பார்க்க நேரம் செலவிடுவதில்லை.

எந்த சிடி என்பதையும் படிவத்தில் எழுத வேண்டும். கட்டியைத் தேடும்போது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்த்துவிட்டு, பொதுவாக நரம்பில் மருந்து செலுத்தி எடுக்கும் சிடி கேட்கிறேன். தினமும் கோப்பையளவு சளி வருபவருக்கும், முதுகின் அடிப்பகுதியில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் வெல்க்ரோவைப் பிரிப்பதுபோல் ஒலிப்பவருக்கும் அந்த மருந்து தேவையில்லை. மெல்லிய அடுக்குகளாக எடுக்கும் எச்ஆர்சிடி போதும். வெறும் 'இருமல்' என்று எழுதி அனுப்பினால் எதைத் தேட வேண்டும் என்று கதிரியக்க மருத்துவருக்குத் தெரியாது என்பதால், இரத்தக் கீற்று, பீடி, எத்தனை மாதம் என்ற மூன்றையும் ஒரே வரியில் எழுதிவிடுகிறேன்.