இரண்டு சினைப்பையையும் எடுத்தாச்சு, ஒரு தாள் மட்டும் கிடைக்கல

முப்பத்தெட்டு வயசு. எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கர்ப்பப்பையின் உள்சவ்வு மாதிரியான திசு வெளியே திட்டுத்திட்டாக வளரும் நோயோட பத்து வருஷம் மல்லுக்கட்டி ஓய்ந்து, கடைசியில் கர்ப்பப்பையோடு சேர்த்து இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட ஒத்துக்கொண்டேன். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

நாலாவது ராத்திரி, தூக்கத்தில் யாரோ என் மேல் வெந்நீரை ஊற்றிய மாதிரி எழுந்தேன். நைட்டி பிழிந்தால் தண்ணீர் சொட்டும். இன்ஃபெக்‌ஷனாக இருக்குமோ என்று நர்ஸ் ஓடி வந்து டெம்பரேச்சர் பார்த்தார். காய்ச்சல் இல்லை. பத்து நிமிஷத்தில் உடம்பு சில்லிட்டுப் போர்வை கேட்டேன். அன்றிலிருந்து இதே கதை, ஒரு ராத்திரிக்கு ஏழெட்டு முறை. கூடவே படபடப்பு, விரல் மூட்டுகளில் வலி. பேசிக்கொண்டிருக்கும்போதே சொல்ல வந்த வார்த்தை காணாமல் போகும்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் தையல் எப்போது பிரிக்கணும், எத்தனை கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது என்றெல்லாம் இருந்தது. ஹார்மோன் பற்றி ஒரு வரி கிடையாது. தையல் பிரிக்கப் போன அன்று கேட்டேன். "மெனோபாஸ்னா எல்லாருக்கும் இப்படித்தாம்மா, போகப் போகச் சரியாயிடும்" என்று சொல்லித் தூக்கமாத்திரை எழுதித் தந்தார்கள்.

அந்த பதிலை நம்பி மூன்று மாசம் வீணாக்கினேன். "எல்லாருக்கும்" வருவது வேறு, எனக்கு வந்தது வேறு. இயல்பாக மெனோபாஸ் வருகிறவர்களுக்குச் சினைப்பை சில வருஷங்களாகத் தள்ளாடித் தள்ளாடி நிற்கும். எனக்கு ஒரே நாளில் வெட்டிவிட்டார்கள், ஒன்றிரண்டு நாளிலேயே சினைப்பை சுரந்துகொண்டிருந்த ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் தரைமட்டம். அதுவும் சராசரி வயசான 51க்கு இன்னும் பதிமூன்று வருஷம் இருக்கும்போது. வேர்வையைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிக்கொள்ளலாம். இத்தனை வருஷம் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் போனால் எலும்பும் இதயமும் கொடுக்கிற விலை அப்போதைக்குத் தெரியாது. அதனால்தான் இந்த வயசில் சினைப்பை எடுத்தவர்களுக்கு, தடை எதுவும் இல்லாவிட்டால், இயல்பான மெனோபாஸ் வயசு வரைக்கும் ஹார்மோன் கொடுப்பதைப் பரிந்துரைக்கிறார்கள். இதை ஆபரேஷனுக்கு முன்னாலேயே பேசி, மருந்துச்சீட்டோடு வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். எனக்கு அந்தப் பேச்சே நடக்கவில்லை.

மாசம் மூன்றில் மெனோபாஸ் மட்டும் பார்க்கும் டாக்டரிடம் போனேன். ஃபைலை ஒரு புரட்டு புரட்டிவிட்டு, "ஆபரேஷன் நோட் எங்கே?" என்றார். சம்மரியைக் காட்டினேன். ஆபரேஷனில் என்ன செய்தார்கள் என்பதற்கு அதில் இருந்தது "அறுவை சிகிச்சை செய்யப்பட்டது" என்ற ஒரே வரி. அன்றைக்கு மருந்து இல்லாமல் திரும்பினேன். வழியெல்லாம் பயங்கரக் கோபம். ஆனால் அவர் கேட்டது நியாயம்தான். கர்ப்பப்பை உள்ளே இருந்தால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் தரக்கூடாது. உள்சவ்வு தடித்துப் புற்றுநோய் வரைக்கும் போகலாம் என்பதால் கூடவே அதைத் தடுக்கும் ப்ரொஜெஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் வகை வேண்டும். கர்ப்பப்பை போனவர்களுக்குப் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். எண்டோமெட்ரியோசிஸ் இருந்தவர்கள் விஷயத்தில்தான் இன்னொரு கேள்வி: அந்தத் திட்டுகள் எல்லாம் எடுக்கப்பட்டனவா, எங்காவது விட்டுவைத்தார்களா?

பதில் ஆபரேஷன் நோட்டில்தான் இருக்கும் என்று அதைக் கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரெக்கார்டு செக்‌ஷனில் இருந்தவர் "சம்மரிதான் எல்லாமே, வேற தரமாட்டோம்" என்று கையை விரித்தார். இரண்டாவது முறை போனபோது எழுத்தில் விண்ணப்பம் கேட்டார். மூன்றாவது முறை அந்த விண்ணப்பத்தில் அறுவை சிகிச்சை செய்தவர் கையெழுத்து வேண்டுமாம். ஒருவழியாகக் கையில் கிடைத்ததும் படிக்கட்டிலேயே உட்கார்ந்து படித்தேன். கடைசிப் பத்தியில், பெருங்குடலின் மேல் ஒட்டியிருந்த சில திட்டுகள் அகற்றப்படவில்லை என்று இருந்தது. அதுவரைக்கும் யாரும் என்னிடம் சொல்லவே இல்லை.

அந்த ஒரு வாக்கியம் மருந்தை மாற்றியது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்தால் மிச்சமிருப்பது மறுபடி கிளம்பலாம் என்பதால், மெனோபாஸ் டாக்டர் தினமும் ராத்திரி அந்த ப்ரொஜெஸ்ட்ரோஜன் வகையில் ஒன்றான ப்ரொஜெஸ்ட்ரோன் 100 மில்லிகிராம் சேர்த்தார். இது இப்படித்தான் என்று அறுதியிட்டுச் சொல்ல வலுவான ஆதாரம் இல்லை, என்னைப் போன்றவர்களுக்கு முன்ஜாக்கிரதையாகச் செய்வது என்று நேர்மையாகவே சொன்னார். பழைய வலி தலைகாட்டினால் உடனே வரச் சொன்னார். அந்த மாத்திரை கொஞ்சம் தூக்கத்தையும் தரும். அது எனக்கு லாபம்.

ஈஸ்ட்ரோஜனைத் தோலில் தடவும் ஜெல்லாகத் தந்தார். எனக்குக் கண்ணில் மின்னலடிக்கும் ஒற்றைத் தலைவலி உண்டு, அது இருந்தால் ரத்தம் உறையும் விஷயத்தில் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும். வாயால் சாப்பிடும் ஈஸ்ட்ரோஜன் முதலில் ஈரலுக்குப் போய் ரத்தம் உறையும் அபாயத்தைக் கொஞ்சம் கூட்டும். தோல் வழியாகப் போனால், வழக்கமான அளவில், அந்த அபாயம் கூடுவதாகத் தெரியவில்லை. "மார்பகப் புற்றுநோய் வருமாமே?" என்று அக்கா வீட்டில் கேட்ட கேள்வியை அவரிடமே போட்டேன். அந்தப் பயம் 2002இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்விலிருந்து கிளம்பியது, அதில் இருந்தவர்களின் சராசரி வயசு 63 என்றார். முப்பத்தெட்டில் இழந்ததைத் திருப்பித் தருவது வேறு கணக்கு. ஆனால் ஹார்மோனால் வளரும் மார்பகப் புற்றுநோய் ஏற்கெனவே வந்தவர்கள் என் வழியில் வரவே கூடாது. அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மருந்துகள் இருக்கின்றன.

தினம் இரண்டு அழுத்து ஜெல், ஒரு மேல்கையில். ஆறு வாரத்தில் ராத்திரி எட்டு என்றிருந்தது மூன்றாகக் குறைந்தது. அதற்குப் பிறகு நகரவில்லை. ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். ஈஸ்ட்ரோஜன் அளவு எக்கச்சக்கமாக வந்தது. அன்று இருந்த வேறொரு டாக்டர், "ரொம்ப அதிகம், பாதியாகக் குறைங்க" என்றார். குறைத்தேன். அந்த வாரம் மறுபடி நரகம்.

என் டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "எந்தக் கையில ரத்தம் எடுத்தாங்க?" ஜெல் தடவிய அதே கை! தோலில் ஒட்டியிருந்த மருந்து ஊசியோடு கலந்து எண்ணைப் பொய்யாக ஏற்றியிருக்கிறது. அடுத்த இரண்டு வாரம் தொடையில் தடவி, கையில் ரத்தம் கொடுத்தேன். உண்மையான அளவு ரொம்பக் குறைவாக இருந்தது. மூன்று அழுத்தாக்கினார். சின்ன வயசில் சினைப்பை இழந்தவர்களுக்கு ஐம்பதைத் தாண்டியவர்களைவிட அதிக டோஸ் தேவைப்படுவது சகஜமாம். உடம்பு இன்னும் வேர்க்கும்போது பேப்பரில் எண் ஏகத்துக்கு இருந்தால், முதலில் எண்ணைச் சந்தேகப்படுங்கள்.

ஜெல் விஷயத்தில் நானாகச் செய்த முட்டாள்தனம் ஒன்றும் உண்டு. ஜெல் தடவிய உடனேயே அதே இடத்தில் மாய்ஸ்சரைசர் பூசிக்கொண்டிருந்தேன். இப்போது குளித்த பிறகு தடவி, காய்ந்ததும்தான் உடை உடுத்துகிறேன். ஒரு மணி நேரம் அந்த இடத்தில் தண்ணீர் படவிடுவதில்லை. குழந்தைகளின் தோலில் அது உரசக்கூடாது என்பதும் முக்கியம்.

மூன்று அழுத்து ஆரம்பித்து நாலாவது வாரம், ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கினேன். விழித்ததும் பயந்து நைட்டியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது.

பிறப்புறுப்பு வறட்சி மட்டும் போகவில்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை. நாலாவது விசிட்டில் நானே கூச்சத்தை விட்டுச் சொன்னேன். ஜெல் போதாமல் போவது உண்டு, அந்த இடத்திலேயே வைக்கும் சின்ன டோஸ் ஈஸ்ட்ரோஜனைக் கூடவே போடலாம் என்றார். மூன்று மாசம் முன்னாடியே வாயைத் திறந்திருக்கலாம். எலும்பு அடர்த்தி ஸ்கேனுக்கு அடுத்த வாரம் போகிறேன். ஆபரேஷன் நோட்டின் நகல் மூன்று எடுத்து வைத்திருக்கிறேன்.