34 விவசாயிகள் போதாது என்றார்கள்: சாமை முறுக்கு நிறுவனத்துக்குச் சமூகத் தாக்கம் எழுதிய அனுபவம்

எண்ணெய் வடிக்கும் இயந்திரமும் பொட்டலம் கட்டும் இயந்திரமும் வாங்க ஓர் அறக்கட்டளையிடம் குறைந்த வட்டிக் கடன் கேட்டிருந்தோம். ஜவ்வாது மலையில் விளையும் சாமையில் முறுக்கும் தட்டையும் செய்து விற்கும் மகளிர் நிறுவனம் எங்களுடையது. கணக்கையும் கொள்முதலையும் நான் பார்த்துக்கொள்கிறேன். உணவுப் பாதுகாப்பு உரிமம், வங்கி அறிக்கை, இயந்திர விலைப்புள்ளி எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. எங்களைப் படுத்தி எடுத்தது ‘சமூகத் தாக்கம்’ என்ற ஒன்றரைப் பக்கம்தான்.

திட்ட அறிக்கை எழுதித் தரும் ஆலோசகர் ஒருவர் முதல் வரைவைக் கொடுத்தார். 500 விவசாயக் குடும்பங்கள் பயன்பெறுகின்றன, 18 பெண்களுக்கு நிரந்தர வேலை, நெல்லுக்குப் பதில் சாமை விளைவதால் லட்சக்கணக்கான லிட்டர் தண்ணீர் மிச்சம், இரும்புச்சத்து மிகுந்த தின்பண்டத்தால் ரத்தசோகை குறைகிறது, சர்க்கரை நோயாளிகளுக்கு மருந்து. படிக்கப் படிக்க எனக்குக் கோபம்தான் வந்தது. இதில் ஒரு வரிக்குக்கூட எங்களிடம் தாள் கிடையாது. கையெழுத்துப் போடப்போவது எங்கள் தலைவி அக்கா. நாளை யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியதும் அவர்தான்.

நோய் பற்றிய வரியை அன்றே அடித்துவிட்டேன். உணவு விளம்பரங்கள், உரிமைகோரல்கள் குறித்த 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, முறுக்கு நோயைத் தீர்க்கும் என்று சொல்லவே முடியாது. இரும்புச்சத்து அப்படியில்லை, அதற்கு ஆலோசகர் ஆதாரமும் காட்டினார். பழைய ஊட்டச்சத்து அட்டவணையில் 100 கிராம் சாமைக்கு 9.3 மில்லிகிராம் இரும்பு என்று இருக்கிறது. இணையத்தில் தமிழில் சுற்றும் சிறுதானியப் படங்களில் எல்லாம் இந்த எண்தான். ஆனால் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட புதிய அட்டவணையில் அதே சாமைக்கு 1.26 மில்லிகிராம்தான். ஏழில் ஒரு பங்கு.

அதோடு, நாங்கள் விற்பது சாமை அல்ல, முறுக்கு. எங்கள் மாவில் சாமை பாதி. மீதி பச்சரிசியும் உளுந்தும் பொட்டுக்கடலையும். சாமை மாவை மட்டும் வைத்துப் பிழிந்தால் உதிர்ந்துவிடும். பொரித்து எடுத்த பிறகு எடையில் கால் பங்குக்கு மேல் எண்ணெய். ஆக, 100 கிராம் முறுக்கில் சாமை சுமார் 35 கிராம். அதிலிருந்து கிடைக்கும் இரும்பு அரை மில்லிகிராம்கூட இல்லை. பெண்ணுக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு 29 மில்லிகிராம். இதை வைத்துக்கொண்டு ரத்தசோகையைக் குறைக்கிறோம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ‘இது பொரித்த தின்பண்டம், எடையில் மூன்றில் ஒரு பங்குதான் சாமை, உடல்நலப் பயன் எதையும் நாங்கள் கோரவில்லை’ என்று எழுதினேன். உங்கள் பண்டம் கேழ்வரகாக இருந்தால் சுண்ணாம்புச்சத்து உண்மையிலேயே அதிகம். புதிய அட்டவணையில் 364 மில்லிகிராம். அப்போதும் தானியத்துக்கான எண்ணை அப்படியே எடுத்துப் பொட்டலத்தின் மேல் ஒட்டாதீர்கள். உங்கள் கலவைக்குக் கணக்குப் போடுங்கள்.

தண்ணீர்க் கணக்கு இன்னும் மோசம். நெல்லை விட்டுவிட்டுச் சாமைக்கு மாறியிருந்தால்தான் தண்ணீர் மிச்சமாகும். மலையில் சாமை விளைவது மானாவாரிச் சரிவு நிலத்தில். அங்கே எந்தக் காலத்திலும் நெல் நட்டதில்லை. நாங்கள் வாங்காமல் போனாலும் அங்கே சாமைதான் போட்டிருப்பார்கள், இல்லையென்றால் தரிசாகக் கிடந்திருக்கும். எங்களால் ஒரு சொட்டும் மிச்சமாகவில்லை. ஆனால் விண்ணப்பம் இணையத்தில். ‘சேமித்த நீர் (லிட்டர்)’ என்ற கட்டம் பூஜ்ஜியத்தை ஏற்கவில்லை. அறக்கட்டளையின் வட்டார ஒருங்கிணைப்பாளரைத் தொலைபேசியில் பிடித்தேன். “ஏதாவது ஒரு எண் போடுங்கள் மேடம், எல்லோரும் போடுகிறார்கள்” என்றார். எங்களுக்கு நேரடியாகச் சாமை விற்பவர்கள் 34 விவசாயிகள் என்றதும் அவர் குரலே மாறிவிட்டது. “34 என்றால் தேர்வுக்குழு பார்க்கவே பார்க்காது. பஞ்சாயத்தின் மொத்தக் குடும்பங்களையும் மறைமுகப் பயனாளிகள் என்று காட்டுங்கள்.” 500 எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. நான் எண் போடவில்லை. தண்ணீர்க் கட்டம் எங்களுக்கு ஏன் பொருந்தாது என்று நான்கே வரியில் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். கொஞ்ச நாளில் கட்டத்தைக் காலியாக விட்டுச் செல்ல வழிசெய்து கொடுத்தார்கள். அந்த வாரம் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி அது.

அந்த 34 பேருக்கே ஆதாரம் திரட்டுவது எளிதாக இல்லை. முந்தைய பருவத்தில் வியாபாரி மூலம் வாங்கிய சரக்குக்கு லாரிச் சீட்டு மட்டும்தான் இருந்தது. எந்த விவசாயியிடமிருந்து வந்தது என்பது அதில் இல்லை. அந்தச் சரக்கைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டு, நேரடியாக வாங்கிய 6 டன்னை மட்டும் வைத்துக்கொண்டேன். வியாபாரி என்ன விலை கொடுத்தார் என்று கேட்க மலைக்குப் போனால் ஊரே காலி. அறுவடை நேரம், எல்லோரும் களத்தில். சாமைக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை கிடையாது என்பதால், ஒப்பிட்டுப் பார்க்க அரசு விலையும் இல்லை. கடைசியில் சந்தை நாளில் போய் உட்கார்ந்து, எடை போட வந்தவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். வியாபாரி விலையைவிடக் கிலோவுக்கு 4 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறோம். 6,000 கிலோவுக்கு 24,000 ரூபாய். 34 குடும்பங்களுக்குப் பிரித்தால் தலைக்கு ஏறக்குறைய 700 ரூபாய், அதுவும் ஆண்டுக்கு. ‘விவசாயிகளின் வாழ்வாதாரம் உயர்ந்தது’ என்று எழுதுவதற்கு 700 ரூபாய் போதாது. ஆகவே 700 ரூபாய் என்றே எழுதினேன்.

சந்தையில் உட்கார்ந்ததால் வேறு இரண்டு விஷயங்களும் தெரிந்தன. வியாபாரி ஆடியில் விதை வாங்கவும் வீட்டுச் செலவுக்கும் முன்பணம் கொடுக்கிறார். வாங்கியவர்கள் விளைச்சலை அவருக்குத்தான் அளக்க வேண்டும். நாங்கள் முன்பணம் கொடுப்பதில்லை. ஆகவே எங்களிடம் விற்க முடிந்தவர்கள் கடன் இல்லாதவர்கள், ஓரளவு கையில் இருப்பவர்கள். அதிகம் தேவைப்படுபவர்களை எங்கள் 4 ரூபாய் எட்டவே இல்லை.

இன்னொன்றை ஒரு பாட்டி சொன்னார். வீட்டுக்கு எவ்வளவு சாமை வைத்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன். “முன்பு இரண்டு மூட்டை வைப்போம் கண்ணு. இப்போது விலை வருகிறதே, ஒன்றுதான் வைக்கிறோம். ரேஷன் அரிசி இருக்கிறது, பொங்கித் தின்கிறோம்” என்றார். குத்திப் புடைக்கும் வேலையும் மிச்சம் என்று பக்கத்தில் இருந்த மருமகள் சேர்த்துக்கொண்டார். நகரத்தில் இருப்பவர் சாமையை முறுக்காகத் தின்ன, விளைவித்தவர் வீட்டில் சாமைச் சோறு குறைகிறது. எத்தனை வீடுகளில் இப்படி என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டது சிலரிடம் மட்டும். ‘பாதகமான விளைவுகள்’ என்று தனித்தலைப்புப் போட்டு, பாட்டி சொன்னதையும் முன்பண விவகாரத்தையும் எழுதினேன். ஆலோசகர் தலையில் அடித்துக்கொண்டார். தலைவி அக்கா இரண்டு முறை படித்துவிட்டு, “இருக்கட்டும், உள்ளதுதானே” என்றார்.

வேலைவாய்ப்புக் கணக்குக்கு வருகைப் பதிவேடு கைகொடுத்தது. பெயர்கள் 18 தான். ஆனால் ஆண்டு முழுவதும் எல்லோரும் சேர்ந்து வந்த நாட்கள் 1,860. ஒருவர் ஆண்டுக்கு 300 நாள் வேலை செய்தால் முழுநேர வேலை என்று வைத்துக்கொண்டால், ஆறு பேருக்கான வேலைதான் எங்களிடம் இருக்கிறது. மாதவாரியாகப் பிரித்ததில் இன்னொரு குட்டு வெளிப்பட்டது. 1,860இல் 1,100 நாட்கள் ஆவணி முதல் ஐப்பசி வரை, தீபாவளிக்காக. அதே மாதங்களில்தான் நடவும் களையெடுப்பும் இருக்கின்றன. எங்களிடம் வராமல் இருந்தாலும் அந்தப் பெண்களுக்குக் கூலி கிடைத்திருக்கும். வயலில் வேலையே இல்லாத பங்குனி, சித்திரையில் எங்களுக்கும் ஆர்டர் இல்லை. எனவே கூலி முழுவதையும் ‘நாங்கள் உருவாக்கிய வருமானம்’ என்று காட்டவில்லை. மற்ற மாதங்களின் 760 நாட்களை மட்டும் கூடுதல் வருமானமாகக் காட்டினேன். தீபாவளி மாதங்களுக்கு, நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலை, கூலி வாரம் தவறாமல் கைக்கு வருகிறது என்று பெண்கள் சொன்னதை மட்டும் எழுதினேன். பதிவேட்டில் மாலை வரை இருந்தவரையும் பாதி நாளில் போனவரையும் பிரித்துக் குறிக்காதவர்கள் இந்தக் கணக்கையே போட முடியாது. இன்றே குறிக்கத் தொடங்குங்கள்.

சரிபார்க்க வந்த அதிகாரி நேராகப் பதிவேட்டைத்தான் கேட்டார். பிறகு பட்டியலில் மூன்று விவசாயிகளைத் தானே தேர்ந்தெடுத்துத் தொலைபேசியில் அழைத்தார். மூவரிடமும் விலையும் எடையும் ஒத்துவந்தன. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பாதகமான விளைவுகள் பகுதியை அவர் மெதுவாகப் படித்தார். “முன்பணத்துக்கு என்ன செய்யப்போகிறீர்கள்?” என்ற ஒரே கேள்வி. கடனில் ஒரு சிறு பகுதியை ஆடி மாத முன்பணத்துக்கு ஒதுக்கலாமா என்று தலைவி அக்கா கேட்டார். அனுமதி கிடைத்தது, ஆனால் பொட்டலம் கட்டும் இயந்திரம் இந்த முறை இல்லை, எண்ணெய் வடிக்கும் இயந்திரத்துக்கு மட்டும்தான் பணம். வீட்டுக்கு வைத்துக்கொள்ளும் சாமையின் அளவை ஒவ்வோர் ஆண்டும் கேட்டு எழுதித் தர வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஒருங்கிணைப்பாளர் மீது எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. அவர் சொன்னபடி 500 என்று போட்டிருந்தால் அந்த மூன்று அழைப்புகளில் நாங்கள் மாட்டியிருப்போம்.

புதிய கொள்முதல் ரசீதில் இரண்டு கட்டங்களைச் சேர்த்திருக்கிறோம்: அன்றைய வியாபாரி விலை, வீட்டுக்கு வைத்துக்கொண்ட அளவு. இரண்டுக்கும் பக்கத்தில் விற்பவரின் கையெழுத்தோ கைநாட்டோ. நீங்களும் இப்படிச் செய்வதாக இருந்தால், அறுவடைக்கு முன்பே ரசீதுப் புத்தகத்தை அச்சடித்து மலைக்கு அனுப்பிவிடுங்கள். எடை போட்ட பிறகு அந்த இரண்டு கேள்விகளுக்கும் யாரும் நின்று பதில் சொல்வதில்லை.