குரூப் 1 நேர்முகத் தேர்வில் குறள் சொல்வது எப்படி?

ரிசல்ட் வந்தாச்சு. பட்டியலில் பெயர் இருக்கிறது. சூடு ஆறுவதற்குள் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்: போர்டுக்கு முன்னால் மேற்கோள் சொல்வது. மற்றதெல்லாம் எங்கேயும் கிடைக்கும்.

நான் போன பயிற்சி மையத்தில், எந்தக் கேள்வி வந்தாலும் ஒரு குறளோடு ஆரம்பி என்றார்கள். மாதிரி நேர்முகத்தில் எனக்கு முன்னால் போனவர், பின்னால் போனவர், எல்லோருமே "நோய்நாடி நோய்முதல் நாடி" என்று தொடங்கினோம். கேட்பவர் இதைக் காலையிலிருந்து எத்தனை பேரிடம் கேட்டிருப்பார்? குறள் முடிவதற்குள் அவர் கண் அடுத்த தாளுக்குப் போய்விடும். எனக்கு இன்னும் அந்த ஆலோசனைமேல் கோபம் உண்டு.

எனக்கு வேலை செய்தது நேர் எதிரான வரிசை. முதலில் உங்கள் பதில், உங்கள் சொற்களில். அப்புறம் மேற்கோள், அதுவும் பாதி போதும். உடனே "அதனால்" என்று ஆரம்பித்து மறுபடி வேலைக்குத் திரும்பிவிட வேண்டும். இந்த "அதனால்" வாக்கியம்தான் உயிர். மேற்கோளோடு நிறுத்தினால் கைதட்டலுக்குக் காத்திருப்பது போலத் தெரியும்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். நகராட்சியில் சொத்து வரி பாக்கி ஏராளம், கடைகளுக்குச் சீல் வைப்பீர்களா? இதற்கு இப்படிச் சொல்லலாம்:

"எடுத்தவுடன் சீல் வைத்தால் வியாபாரம் நின்றுவிடும் சார், அப்புறம் பாக்கியும் வராது. யானைக்கு நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் பல நாள் வரும், வயலுக்குள் விட்டால் தின்பதைவிட மிதிபடுவதுதான் அதிகம் என்று பிசிராந்தையார் பாண்டியனிடம் சொல்வார். அதனால் முதலில் பெரிய பாக்கிதாரர்களின் பட்டியல், அவர்களுக்கு நோட்டீஸ். சின்னக் கடைக்காரர்களுக்குத் தவணை. அதற்கும் அசையாதவர்கள்மேல்தான் அடுத்த நடவடிக்கை."

புறநானூறு 184. பாட்டின் ஒரு வரியைக்கூட அப்படியே சொல்லவில்லை, கவனியுங்கள். "காய்நெல் அறுத்துக் கவளம் கொளினே" என்று ராகத்தோடு ஆரம்பித்தால், நடுவில் "நூறுசெறு" இடறியதும் முகம் வெளுத்துவிடும். பொருளைச் சொன்னால் இடற இடமில்லை. பாட்டு தெரியுமா என்று அவர்களே கேட்டால் அப்போது சொல்லுங்கள். அதற்காக மனப்பாடம் கட்டாயம் இருக்கட்டும்.

இன்னொரு கண்ணி: எல்லோரும் பேரிடர் மேலாண்மைக்குச் சொல்லும் "வருமுன்னர்க் காவாதான் வாழ்க்கை". குறள் 435. அது இருக்கும் அதிகாரம் குற்றங்கடிதல். தன்னிடம் குற்றம் வருமுன் காத்துக்கொள்ளாதவன் வாழ்வு, நெருப்பின் முன் வைக்கோற்போர் போலக் கெடும் என்பது பொருள். வெள்ளத்தைப் பற்றிய குறளே இல்லை. "எந்த அதிகாரம்?" என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். பயன்படுத்தலாம், தப்பில்லை. "குற்றத்துக்குச் சொன்னது சார், ஏரிக்கரைக்கும் பொருந்தும். அதனால் அக்டோபருக்கு முன்பே பலவீனமான கரைகளையும் மதகுகளையும் பார்த்துவிட வேண்டும்" என்று நீங்களே முந்திக்கொண்டால் அந்தக் கேள்வி எழாது.

பழமொழி குறளைவிட ஆபத்து. ஊரில் சாதாரணமாகப் புழங்குவதில் பாதி, சாதியையோ பெண்களையோ உடல் குறையையோ குத்தும். மனுநீதி நாள் பற்றிய கேள்விக்கு "மனு கொடுப்பது செவிடன் காதில் ஊதிய சங்காக இருக்கக் கூடாது" என்று வாயில் வந்துவிடும். எதிரே இருப்பவர் அடுத்ததாக மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பற்றிக் கேட்டால் எங்கே போவீர்கள்? 2016 சட்டம், படித்துத்தான் போயிருப்போம், ஆனாலும் பதில் ஒட்டாது.

குரல் விஷயத்தில் நான் பார்த்துக்கொண்டவை:

- மேற்கோளுக்கு முன் இடைவெளி விடாதீர்கள். இடைவெளி விட்டாலே மேடை ஏறிவிடும்.
- சத்தம் கூடக் கூடாது. முந்தைய வாக்கியத்தின் அதே குரல்.
- "உலகப் பொதுமறை தந்த தெய்வப்புலவர்" எல்லாம் வேண்டாம். "குறளில் வரும்" போதும்.
- மொத்த நேர்முகத்துக்கும் ஒன்று. மிஞ்சிப்போனால் இரண்டு.

நான் இயல்பிலேயே மெதுவாகப் பேசுகிறவன், அதனால் இது எனக்கு வசதி. பட்டிமன்றத்தில் பேசிப் பழகியவர்கள் கடைசி இரண்டு சொல்லில் குரலை ஏற்றும் பழக்கத்தை விடத் தனியாக உழைக்க வேண்டியிருக்கும். மொபைலில் பதிவு செய்து கேட்டால் அது எங்கே ஏறுகிறது என்று காதிலேயே தெரியும்.

பதிவைக் கேட்கும்போதே இன்னொன்றும் செய்யுங்கள். மேற்கோளை மட்டும் வெட்டிவிட்டு மீதியைச் சொல்லிப் பாருங்கள். பதில் முழுசாக நின்றால் மேற்கோள் இருக்கலாம். சொத்து வரி பதிலில் யானையை எடுத்துவிட்டாலும் பட்டியல், நோட்டீஸ், தவணை மூன்றும் நிற்கும். மையத்தில் கொடுத்த மாதிரிப் பதில்களை இப்படி வெட்டிப் பார்த்தேன். பலவற்றில் "அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்பதுதான் மிஞ்சியது.