ஹெல்மெட்டைக் கழற்றாதீங்க அண்ணாச்சி

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு போகிற மலைப்பாதையில் புளியரை தாண்டியதும் எஸ் வளைவு வரும். சாரல் காலத்தில் அந்தத் தார் ரோட்டில் ஆயிலும் தண்ணீரும் கலந்து ஒரு மினுமினுப்பு இருக்கும், அதைப் பார்த்தாலே எனக்கும் எங்கள் பைலட்டுக்கும் (108 வண்டியில் டிரைவரை அப்படித்தான் சொல்வோம்) அன்றைக்கு ஒரு பைக்காவது விழும் என்று தோன்றிவிடும். நான் வண்டியில் இ.எம்.டி., அதாவது பின்னால் நோயாளியோடு உட்கார்ந்து வருகிற ஆள்.

அன்று மதியம் கால் வந்ததும், வண்டி கிளம்பிய கையோடு தகவல் சொன்னவருக்கே திருப்பி அடித்தேன். வளைவுப் பக்கம் டீக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சி. கொல்லம் பக்கத்துப் பையன் ஒருவன் சறுக்கிக்கொண்டே போய்த் தடுப்புச் சுவரில் மோதி மல்லாந்து கிடக்கிறான், முகம் முழுக்க மூடுகிற ஹெல்மெட், பேசுகிறான் என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் யாரோ, "மொதல்ல ஹெல்மெட்டக் கழட்டுங்கப்பா, காத்து வரட்டும்" என்று கத்துவது கேட்டது. நான் அதைவிடச் சத்தமாகக் கத்தினேன். தலைப்புதான் நான் கத்தியது.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன். காற்று வரட்டும் என்று நினைக்கிறவர் நல்ல மனசோடுதான் நினைக்கிறார். ஆனால் ஒரு ஹெல்மெட்டை உங்கள் தலையிலிருந்தே நீங்கள் கழற்றும்போது கவனித்துப் பாருங்கள்: காதில் இடிக்கும், மூக்கில் இடிக்கும், தலையைப் பின்னால் சாய்த்து ஒரு இழு இழுத்தால்தான் வரும். கழுத்தில் இருப்பது 7 எலும்பு, உள்ளே தண்டுவடம் ஓடுகிறது. அதில் ஒன்று உடைந்தோ நகர்ந்தோ இருந்தால் அந்த ஒரு இழுப்பு தண்டுவடத்தை நசுக்கப் போதும். கை கால் மட்டும் இல்லை, மூச்சு விடவைக்கிற உதரவிதானத்துக்குப் போகிற நரம்பும் கழுத்தில் 3, 4, 5 என்கிற மட்டத்திலிருந்துதான் கிளம்புகிறது. வெளியே பார்த்து எலும்பு உடைந்திருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. எழுந்து உட்கார்ந்து பேசுகிறவனுக்கும் உடைந்திருக்கலாம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு இடத்துக்குப் போனபோது, கூட்டம் ஹெல்மெட்டைக் கழற்றி, ஆளைத் தூக்கிச் சுவரில் சாய்த்து, சோடாவும் கொடுத்திருந்தது. விழுந்ததும் கையை ஆட்டினார் என்றார்கள். நான் பார்க்கும்போது ஆட்டவில்லை. தூக்கியதால்தான் அப்படி ஆனது என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை, விழுந்தபோதே வந்த அடியாகவும் இருக்கலாம். ஆனால் அந்தச் சோடா பாட்டில் இன்னும் கண்ணில் நிற்கிறது.

சரி, புளியரைக்கு வருவோம். அண்ணாச்சியிடம் முதலில் கேட்டது வண்டிகளைப் பற்றி. மேலிருந்து லாரி இறங்கிக்கொண்டே இருக்கிற இடம் அது. வளைவுக்கு மேலே ஓர் ஆள், கீழே ஓர் ஆள் நின்று துண்டை வீசி நிறுத்தச் சொன்னேன், பைக்கின் சாவியைத் திருப்பி அணைக்கச் சொன்னேன். அப்புறம்தான் பையன். "அவன் எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறானோ அந்தப் பக்கமாப் போங்க, பின்னாடியிருந்து கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பான்." இதை யாரும் யோசிப்பதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தலை தானாகத் திரும்பும். வலிக்குதா என்று கேட்டால் தலையை ஆட்டிப் பதில் சொல்வார்கள். அதனால் கேட்பதற்கு முன்பே, தலையை ஆட்டாதே, வாயால் சொல்லு என்று சொல்லிவிட வேண்டும். எல்லைப்புறத்து ஆள் என்பதால் அண்ணாச்சிக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. "அனங்கல்லே மோனே, அனங்கல்லே", அசையாதே மகனே என்று அவர் சொல்வது போனில் கேட்டது.

ஃபோனை லாரி கிளீனர் பையன் ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொள்ள, அண்ணாச்சியைப் பையனின் தலைமாட்டில் குப்புறப் படுக்கச் சொன்னேன். முழங்கை இரண்டும் தரையில் ஊன்ற வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு நிமிடத்தில் கை நடுங்க ஆரம்பிக்கும். உள்ளங்கை இரண்டும் ஹெல்மெட்டின் இரு பக்கமும், விரல்கள் கீழ் விளிம்பில் தாடை எலும்பைத் தொட்டபடி. இழுக்கக் கூடாது, நேராக்கவும் கூடாது, கிடக்கிற மாதிரியே பிடித்தால் போதும். ஹெல்மெட் இங்கே கைப்பிடி மாதிரி. மழையில் நனைந்த வெறும் தலையைப் பிடிப்பதைவிட இதைப் பிடிப்பது சுலபம். முகக் கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிடச் சொன்னேன், காற்றுக்கு அது போதும். தலைக்கு அடியில் துண்டு மடித்து வைக்கவா என்று யாரோ கேட்டார்கள். வேண்டாம், அந்தத் துண்டை மேலே போர்த்துங்கள், நனைந்தால் நடுங்குவான், நடுங்கினால் கழுத்தும் ஆடும். தண்ணீர் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

நாங்கள் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் குரல்: "சார், ஓங்கரிக்கிறான்."

முழு ஹெல்மெட்டில் இதுதான் ஆபத்து. தாடைப் பகுதி வாந்தியை உள்ளேயே தேக்கிவிடும், மல்லாந்திருப்பவன் அதை மூச்சுக்குழாயில் இழுத்துவிடுவான். கழுத்தைவிட மூச்சு முந்தியது. தலையை மட்டும் திருப்பாமல் உடம்போடு சேர்த்து மரக்கட்டையை உருட்டுகிற மாதிரி உருட்ட வேண்டும். தோளில் ஒருவர், இடுப்பில் ஒருவர், காலில் ஒருவர், மூவரும் ஒரே பக்கம் மண்டியிட்டு. உத்தரவு கொடுப்பவர் தலையைப் பிடித்திருப்பவர் மட்டும்தான், வேறு யாரும் எண்ணக் கூடாது. அண்ணாச்சி ஒன்று, ரெண்டு, மூணு என்றதும் மூக்கும் தொப்புளும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி தங்கள் பக்கம் சாய்த்தார்கள். வாந்தி வெளியே வழிந்தது. இருமினான், பேசினான். அப்படியே பக்கவாட்டில் பிடித்திருங்கள் என்றேன்.

அப்படியும் வழியாமல் கொரகொரவென்று சத்தம் வந்தாலோ, நெஞ்சு ஏறி இறங்குவதை 10 விநாடி பார்த்தும் மூச்சு தெரியாவிட்டாலோ, ஹெல்மெட்டைக் கழற்றத்தான் வேண்டும். அதற்கும் இரண்டு பேர் வேண்டும், ஒற்றை ஆள் வேலை இல்லை.

அதை நாங்கள் போய்ச் செய்தோம், ஏனென்றால் கழுத்துப் பட்டை போட ஹெல்மெட் வந்தாக வேண்டும். பையனை மெதுவாக மல்லாத்தி, விரலையும் பாதத்தையும் ஆட்டச் சொன்னேன், ஆட்டினான். பைலட் தலைமாட்டில் ஹெல்மெட்டைப் பிடித்தார். நான் வாரை வெட்டினேன், ஒரு கையால் தாடையையும் மறு கையால் பிடரியையும் தாங்கினேன். அவர் இரு பக்க விளிம்பையும் வெளியே விரித்து, மூக்கு தப்பும் அளவுக்கு மட்டும் லேசாகச் சாய்த்து, கொஞ்சம் கொஞ்சமாக உருவினார். ஹெல்மெட்டுக்குள் தலை கொஞ்சம் உயரத்தில் இருக்கும், வெளியே வந்த நொடியில் பின்னால் தொப்பென்று விழப் பார்க்கும். பிடரியில் கை இருப்பது அதற்காகத்தான். மறுபடி மூச்சையும் விரலையும் பார்த்துவிட்டுப் பட்டையைப் போட்டுப் பலகையில் ஏற்றினோம்.

ஹெல்மெட்டையும் வண்டியில் எடுத்துக்கொண்டோம். தென்காசி அரசு மருத்துவமனையில் டியூட்டி டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இடது பக்கம் பின்னால் இருந்த வெடிப்பில் விரலை வைத்து, இந்த இடத்தில்தான் அடி என்று சொல்லிவிட்டு ஸ்கேனுக்கு எழுதினார்.

அடுத்த வாரம் அந்த வழியாகத் திரும்பும்போது டீக்கடையில் நிறுத்தினோம். அண்ணாச்சி இரண்டு முழங்கையிலும் தார் ரோடு உரசிய காயத்துக்கு மஞ்சள் பூசியிருந்தார். டீயை ஆற்றிக்கொண்டே, "அந்தப் பய காலை ஆட்டுனானா தம்பி, கடைசிவரைக்கும்?" என்றார். ஆஸ்பத்திரியில் இறக்கும்வரை ஆட்டினான் என்றேன், அதுவரைதான் எனக்குத் தெரியும்.