போஸ்ட்டைக் கழற்றுவதா, வேர் நுனியை வெட்டுவதா

“உள்ளே இருப்பதை எடுக்காமல் வாசலை மட்டும் அடைத்தால் போதுமா, டாக்டர்?” என்று அந்த அம்மா கேட்டதற்கு நான் சொன்ன பதில் தவறில்லை, ஆனால் அது முழுப் பதிலா என்ற ஐயம் இன்னும் தீரவில்லை.

மேல்தாடையின் பக்க வெட்டுப்பல். முன்பே வேர் சிகிச்சை செய்து, வேருக்குள் இறங்கும் வார்ப்பு உலோகத் தண்டான போஸ்ட்டும், அதன் மேல் கிரவுனுக்கு அடித்தளமான கோரும் வைத்து, மேலே கிரவுன் மாட்டியிருந்தார்கள். தட்டினால் வலித்தது, வேர் நுனிக்கு நேரே ஈறை அழுத்தினாலும் வலித்தது. வேர் நெடுக விரிசல் இருந்தால் பெரும்பாலும் ஓரிடத்தில் மட்டும் ஈறுப்பை குறுகலாக ஆழமாக இறங்கும். இங்கே சுற்றிலும் அளவுகோல் 3 மி.மீ.க்கு மேல் இறங்கவில்லை. எக்ஸ்ரேயில் நுனியைச் சுற்றி, எலும்பு அரிக்கப்பட்டதைக் காட்டும் நிழல் தெரிந்தது. கிரவுனின் விளிம்பில் கசிவு இருந்திருந்தால் தயக்கமே இல்லாமல் எல்லாவற்றையும் கழற்றியிருப்பேன். விளிம்போ கச்சிதமாக இருந்தது.

கிருமிகள் இருப்பது வேர்க் கால்வாய்க்குள் என்பதால், போஸ்ட்டைக் கழற்றிக் கால்வாயை மீண்டும் சுத்தம் செய்யும் மறுசிகிச்சைதான் முதலில் நினைக்க வேண்டியது. ஆனால் பருத்த போஸ்ட்டைச் சுற்றி வேரின் சுவர் மெலிந்திருந்தது. அல்ட்ராசோனிக் அதிர்வால் போஸ்ட்டைத் தளர்த்தும்போது தண்ணீர் போதாவிட்டால் சூடு வேரையும் எலும்பையும் தாக்கும்; தண்ணீர் போதுமானாலும் வேர் பிளக்கலாம். கழன்றே வந்தாலும், புதிய கிரவுன் பிடித்துக்கொள்ள ஈறுக்கு மேல் சுற்றிலும் 2 மி.மீ. பல் வேண்டும், அங்கே அதில் பாதிதான் மிச்சம். போஸ்ட் என்பது கோரைத் தாங்குமே தவிர, வேருக்கு வலுவூட்டாது. ஆகவே, “கழற்றும்போது வேர் பிளந்தால் பல்லே போய்விடும்” என்றேன். போஸ்ட்டைத் தொடாமல் வேர் நுனியை வெட்டி, வெட்டிய முனையை அடைக்கும் அறுவைக்கு அவரும் சம்மதித்தார்.

போஸ்ட்டுக்கும் வேர் நுனிக்கும் இடையே, கால்வாயை நிரப்பிய கட்டாபெர்ச்சா சுமார் 5 மி.மீ. இருந்தது. கிளைக் கால்வாய்கள் பெரும்பாலும் நுனியின் கடைசி 3 மி.மீ.யில் இருப்பதால் அந்த அளவு வெட்டினேன். மெத்திலீன் நீலச் சாயம் தடவிப் பார்த்ததில் விரிசல் இல்லை. வெட்டிய முனையிலிருந்து கால்வாய்க்குள் 3 மி.மீ. குழி எடுக்க வேண்டும். ஆனால் 2 மி.மீ.யிலேயே அல்ட்ராசோனிக் முனை உலோகத்தில் முட்டிக் கிணுகிணுத்தது. அதற்கு மேல் இடமில்லை. இருந்த ஆழத்தில் எம்.டி.ஏ. சிமென்ட்டை நிரப்பி ஈறைத் தைத்தேன். எக்ஸ்ரேயைப் பார்த்தபோதே தெரிந்த கணக்குதான் இது. ஆனாலும் ஆழத்துக்காக வெட்டைக் குறைத்திருந்தால், கிளைக் கால்வாய்கள் அங்கேயே தங்கியிருக்கும் என்றுதான் இப்போதும் வாதிடுவேன்.

ஓராண்டு கழித்து வலி இல்லை. நிழல் பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது, மறையவில்லை. இருபுற எலும்புத் தகடும் அரிக்கப்பட்டிருந்த இடத்தில் வடுத்திசு எஞ்சி இப்படித் தெரிவதுண்டு; பக்க வெட்டுப்பல்லில் அது புதிதல்ல. போஸ்ட்டின் பக்கவாட்டில் தங்கிய கிருமிகள் அந்த 2 மி.மீ. அடைப்பைத் தாண்டிக் கசிவதும் தொடக்கத்தில் இப்படித்தான் தெரியும். ஒரு படத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. அடுத்த படத்தில் நிழல் பெருத்தால் போஸ்ட்டைக் கழற்றியே ஆக வேண்டும், அதுவும் 3 மி.மீ. குட்டையாகிவிட்ட வேரிலிருந்து.